மஞ்சள் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஆஸ்துமா அட்டை: சந்தேகங்களும் விளக்கங்களும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சின்னச் சின்ன கிளினிக்குகளில் மாலை ஏழு மணிக்கு மேல் நெபுலைசர் இரையும் சத்தம் ஓயாது. மடியில் பிள்ளை, அதன் முகத்தில் மாஸ்க், பக்கத்தில் காத்திருக்கும் இன்னும் இரண்டு குடும்பங்கள். "ரெண்டு நாளா இருமல்தான் இருந்துச்சு, திடீர்னு ராத்திரி வீசிங் வந்துடுச்சு" என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்த இரண்டு நாளில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் மூன்று நிற அட்டை இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் எந்த மருந்தை எத்தனை முறை கொடுப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஒற்றைத் தாள் அது. அதைப் பற்றிப் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம். இதில் வரும் அளவுகள் பொதுவான வழிகாட்டுதல்களில் உள்ளவை. உங்கள் பிள்ளையின் அட்டையில் மருத்துவர் வேறு எண் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

டாக்டர் சீட்டிலேயே மருந்து எழுதியிருக்கிறாரே, தனியாக அட்டை எதற்கு?

சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தினமும் போட வேண்டிய பம்ப் பற்றித் தெளிவாக இருக்கும்: காலை இரண்டு, இரவு இரண்டு. இளைப்பு வரும்போது அடிக்கும் பம்ப்புக்கு நேரே 'எஸ்ஓஎஸ்' என்று மூன்று எழுத்து மட்டும் இருக்கும். தேவைப்பட்டால் கொடு என்று பொருள். எப்போது தேவை? இருமல் வந்தாலா, மூச்சு வாங்கினாலா, உதடு நீலமானாலா? இரண்டு தடவை அழுத்தியும் நிற்காவிட்டால் மூன்றாவது தடவை கொடுக்கலாமா? சீட்டில் பதில் இருக்காது. மருத்துவர் வாயால் சொல்லியிருப்பார், நள்ளிரவு இரண்டு மணிக்கு அது யாருக்கும் நினைவிருக்காது. போதாக்குறைக்கு அப்பா நைட் ஷிஃப்ட்டில் இருப்பார், வீட்டில் அம்மாவும் ஆயாவும் மட்டும்.

இப்படி எழுதிக் கொடுக்கும் வழக்கம் 1980களின் கடைசியில் நியூசிலாந்தில் வலுப்பெற்றது. அங்கே ஆஸ்துமா சாவுகள் அதிகமாக இருந்த காலம் அது. 1990களின் தொடக்கத்தில் மாவோரி மக்களிடையே கிரெடிட் கார்டு அளவில் ஓர் அட்டை அடித்துக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஊதும் கருவியின் எண்கள், மறுபக்கம் அறிகுறிகள். இன்று பல நாடுகளில் பள்ளியில் சேர்க்கும்போதே இந்த அட்டையைக் கேட்கிறார்கள். நம் ஊரில் மருத்துவரிடம் அச்சிட்ட அட்டை இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டு போய், ஒவ்வொன்றிலும் எந்த பம்ப், எத்தனை அழுத்தம், எவ்வளவு நேரம் விட்டு மறுபடி, எப்போது வர வேண்டும் என்று நிரப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

மூன்று நிறமும் எதைக் குறிக்கின்றன?

பச்சை என்றால் பிள்ளை நன்றாக இருக்கிறது. இரவு இருமாமல் தூங்குகிறது, ஓடுகிறது, விளையாடுகிறது. தினசரி பம்ப் எழுதியிருந்தால் அதை மட்டும் விடாமல் போட வேண்டும்.

சிவப்பும் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுக்கும். பிள்ளை முன்னால் சாய்ந்து, கையை ஊன்றி உட்கார்ந்துகொள்ளும். உதடு நீலம் பாரிக்கும், அல்லது பிள்ளை துவண்டு தூங்கி வழியும். இதில் ஒன்றை மட்டும் பெற்றோர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்: விசில் சத்தம் குறைந்ததும் 'சரியாகிவிட்டது' என்று நினைப்பது. மூச்சு வாங்குவது குறையாமல் சத்தம் மட்டும் அடங்கினால், காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அது சிவப்பிலும் மோசமான சிவப்பு.

நடுவில் இருக்கும் மஞ்சள்தான் தகராறு. அதில் பிள்ளை நோயாளி மாதிரியே தெரியாது. சளி பிடித்திருக்கும், இரவில் ஒன்றிரண்டு முறை இருமி எழுந்திருக்கும், சிரித்தாலோ மாடிப்படி ஏறினாலோ இருமும், பி.டி. பீரியடில் ஓடாமல் ஓரமாக உட்காரும். "சளிதானே, கஷாயம் குடுத்தா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். இருமல் டானிக், மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் எல்லாம் உள்ளே போவதும் இங்கேதான். மூச்சுக்குழாய் வீங்கி, சுருங்கத் தொடங்கியிருக்கும்போது இருமல் டானிக்கால் அதை விரிக்க முடியாது. மூச்சு இறுகியிருக்கிறதா என்று தெரியாமல் இருமலை மட்டும் அடக்கினால், எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்த மாதிரிதான் ஆகும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மஞ்சள் தொடங்கும் விதம் வேறு. ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகி மறுநாள் இருமல் வரும், இன்னொன்றுக்கு இரவு நான்கு மணி இருமல்தான் முதல் அறிகுறி. வேறொன்று நெஞ்சு 'இறுக்கமா இருக்கு' என்று சொல்லத் தெரியாமல் வயிற்று வலி என்று சொல்லும். முந்தைய இரண்டு மூன்று தடவை எப்படி ஆரம்பித்தது என்று யோசித்து, அந்த அறிகுறியை அட்டையின் மஞ்சள் கட்டத்தில் தமிழிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அச்சடித்த வரிகளைவிட அந்த ஒரு வரிக்குத்தான் பயன் அதிகம்.

ஊதிப் பார்க்கும் கருவி வாங்கியே ஆக வேண்டுமா?

பீக் ஃப்ளோ மீட்டர் என்பது ஒரு பிளாஸ்டிக் குழல். வேகமாக ஊதினால் அதன் முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். காற்று வெளியேறும் அதிகபட்ச வேகம் அது. ஐந்தாறு வயதுக்குக் கீழே பிள்ளைகளால் ஒழுங்காக ஊத முடியாது. அதற்கு மேற்பட்ட வயதிலும் எல்லோருக்கும் கட்டாயமில்லை. பிள்ளைகளுக்கான எழுத்துத் திட்டங்களை ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், கருவி எண்ணை நம்பிய அட்டையைவிட அறிகுறிகளை வைத்து எழுதிய அட்டைதான் அவசரமாக மருத்துவரிடம் ஓடுவதைக் குறைத்தது. ஆக, கருவி இல்லை என்பதற்காக அட்டையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிறகு யாருக்கு உதவும்? இளைப்பு வந்தும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லும் பிள்ளைக்கு. அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேரும் பிள்ளைக்கு. 'இது இருமலா இளைப்பா' என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம் நடக்கும் குடும்பத்துக்கும்தான்.

ஊதும் முறையில் தப்பு நடந்தால் எண்ணும் தப்பாகும். முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். முடிந்த மட்டும் மூச்சை இழுத்து, உதட்டால் குழலை இறுக மூடி, ஒரே வேகத்தில் 'புஸ்' என்று ஊத வேண்டும். பிறந்தநாள் கேக் மெழுகுவத்தியை அணைப்பது போல் நீட்டி ஊதினால் எண் குறையும். எச்சில் துப்புவது போல் நாக்கைத் தட்டி ஊதினால் பொய்யாக ஏறும். மூன்று முறை ஊதி அதில் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்கக் கூடாது.

பிள்ளை நன்றாக இருக்கும் இரண்டு மூன்று வாரங்கள் காலையும் மாலையும் இப்படிக் குறித்தால், அதில் கிடைக்கும் மிகப் பெரிய எண்தான் அந்தப் பிள்ளையின் 'சொந்தச் சிறப்பு'. அதில் 80 சதவீதமும் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. பிள்ளை வளர வளர இந்த எண்ணும் ஏறும் என்பதால் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்கு முந்தைய கோட்டை வைத்துக்கொண்டு மஞ்சளைப் பச்சை என்று நம்பிக்கொண்டிருப்போம்.

மஞ்சள் என்று தெரிந்துவிட்டது. நிமிடக் கணக்கில் என்ன செய்வது?

ஒரு கற்பனை உதாரணத்தோடு போவோம். ஆவடியில் நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் பிள்ளை. சிறப்பு எண் 220. அதில் 80 சதவீதம் 176, பாதி 110. அட்டையில் அந்த இரண்டு எண்ணும் தடித்த எழுத்தில் இருக்கின்றன. மஞ்சள் கட்டத்தில் மருத்துவர் எழுதியிருப்பது: சால்புட்டமால் பம்ப், ஸ்பேசர் வைத்து 4 அழுத்தம், 20 நிமிடம் கழித்துப் பார், பச்சைக்கு வராவிட்டால் மறுபடி 4, ஒரு மணி நேரத்துக்குள் மூன்று சுற்று வரை.

ஞாயிறு இரவு மூக்கு ஒழுகுகிறது, ஊதினால் 200. இன்னும் பச்சை. இரவில் இரண்டு முறை இருமி எழுகிறாள். திங்கள் காலை 170. மஞ்சள் வந்துவிட்டது. அம்மா பம்ப்பைக் குலுக்கி ஸ்பேசரில் செருகி ஒருமுறை அழுத்துகிறார், பிள்ளை ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுத்து விடுகிறாள். மறுபடி குலுக்கி, மறுபடி ஒன்று. இப்படி நான்கு. நான்கையும் ஒரே மூச்சில் ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு இழுக்கச் சொல்வது பல வீடுகளில் நடக்கும் தவறு. மருந்து உள்சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும், நெஞ்சுக்குப் போவது கொஞ்சம்தான்.

இருபது நிமிடம் கழித்து 190. பச்சை. தினசரி பம்ப்பையும் வழக்கம்போல் போட்டாயிற்று. பள்ளிக்கு அனுப்பலாமா? இருமல் அடங்கி, ஓடியாடும் நிலையில் இருந்தால் அனுப்பலாம். ஆனால் பையில் பம்ப், ஸ்பேசர், அட்டை நகல் மூன்றும் இருக்க வேண்டும், அன்று பி.டி. வேண்டாம். வகுப்பு ஆசிரியருக்கு டைரியில் ஒரு வரி: 'இன்று மஞ்சள், காலை 7 மணிக்கு 4 அழுத்தம் கொடுத்திருக்கிறோம்.'

மதியம் ஒரு மணிக்கு இருமல் திரும்புகிறது, ஆசிரியர் நான்கு அழுத்தம் கொடுக்கிறார். நாலரைக்கு வீட்டுக்கு வந்து ஊதினால் 150. கவனியுங்கள், மதிய மருந்து நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அம்மா நான்கு அழுத்தம் கொடுக்கிறார். இருபது நிமிடத்தில் 155. இரண்டாவது சுற்று, 165. மூன்றாவது சுற்றுக்குப் பிறகும் 165. பச்சைக் கோடு 176. பிள்ளை பேசுகிறாள், டி.வி. பார்க்கிறாள், பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அட்டை சொல்வது ஒன்றுதான்: ஒரு மணி நேரத்தில் பச்சைக்குத் திரும்பாவிட்டாலும், கொடுத்த மருந்து நான்கு மணி நேரம் தாங்காவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார். இந்தப் பிள்ளைக்கு இரண்டுமே நடந்திருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு மருத்துவரிடம் போனதால் நிதானமாகப் பரிசோதனை நடந்தது. மூன்று முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்ய நேரம் கிடைத்தது. அந்த மாத்திரை வேலை செய்யவே சில மணி நேரம் பிடிக்கும். அட்டை இல்லாத வீட்டில் இதே பிள்ளைக்கு மாலையில் இருமல் டானிக் கொடுத்துத் தூங்க வைத்திருப்பார்கள். செவ்வாய் விடியற்காலை, சி.டி.ஹெச். சாலையில் ஆட்டோ தேடும் நிலை வந்திருக்கும்.

மஞ்சளில் இருந்து பச்சைக்குத் திரும்பிய பிள்ளைக்கும் அதோடு முடிந்துவிடவில்லை. அடுத்த ஒன்றிரண்டு நாளைக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எத்தனை அழுத்தம் என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். மஞ்சள் அறிகுறி 24 மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்காமல் தொடரக் கூடாது.

தினசரி பம்ப்பை மஞ்சளில் இரண்டு மடங்காக்கலாமா?

நீங்களாக வேண்டாம். அமெரிக்காவில் 5 முதல் 11 வயதுள்ள 254 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். மஞ்சள் தொடங்கியதும் தினசரி ஸ்டீராய்டு பம்ப்பை ஐந்து மடங்காக ஏற்றினார்கள். 2018இல் முடிவு வந்தது: தீவிரத் தாக்குதல் குறையவில்லை, மாறாக வளர்ச்சியில் லேசான தொய்வுக்கான அடையாளம் தெரிந்தது. அளவை மாற்றாமல் வழக்கம்போல் தொடர்ந்தாலே போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பிள்ளைகளுக்கு புடெசொனைடும் ஃபார்மொடெராலும் கலந்த ஒரே பம்ப்பைத் தினமும் போடவும், இளைப்பின்போது கூடுதலாகப் போடவும் மருத்துவர் எழுதுவார். அவர்களின் மஞ்சள் கட்டமே வேறு, ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்ற உச்ச வரம்பும் இருக்கும். அண்ணன் அட்டையைத் தம்பிக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். பம்ப்பின் நிறத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், மருந்தின் பெயர்தான் அட்டையில் இருக்க வேண்டும்.

பம்ப் பழகிவிடும் என்கிறார்களே? சிரப் கொடுத்தால் போதாதா?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்வதுதான் நல்லது. சால்புட்டமால் சிரப் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி.யில், 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். பம்ப் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம்தான். ஒரு ஸ்பூன் சிரப்பில் இருப்பது இருபது அழுத்தத்துக்குச் சமமான மருந்து! அத்தனையும் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுக்கத்தையும் படபடப்பையும் கொடுத்துவிட்டு, தாமதமாக நெஞ்சுக்கு வருகிறது. பம்ப்போ சில நிமிடங்களில் வேலையைத் தொடங்குகிறது. போதைப் பழக்கம் போல் பழகும் மருந்து எதுவும் அதில் இல்லை.

தினசரி ஸ்டீராய்டு பம்ப் குறித்து இருக்கும் பயத்தை அப்படி ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். பல வருடம் தொடர்ந்து போட்ட பிள்ளைகளைப் பெரியவர்கள் ஆகும்வரை பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், உயரம் சராசரியாக 1.2 செ.மீ. குறைந்திருந்தது. அதனால்தான் கட்டுப்பாட்டுக்குத் தேவையான குறைந்த அளவில் வைக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் உயரம் அளக்கிறார்கள். போட்டபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஆனால் அந்த பம்ப்பை நிறுத்திவிட்டு, வருடத்துக்கு நான்கைந்து முறை தாக்குதல் வந்து ஸ்டீராய்டு மாத்திரையாக விழுங்கினால் உடம்பில் சேரும் அளவு அதைவிட அதிகம்.

நெபுலைசர் வைத்தால்தானே சரியாகிறது?

சத்தமும் புகையும் வருவதால் பெரிய வைத்தியம் போலத் தெரிகிறது. உயிருக்கு ஆபத்தில்லாத தாக்குதலில் ஸ்பேசரோடு பம்ப் கொடுத்ததையும் நெபுலைசரையும் ஒப்பிட்ட காக்ரேன் தொகுப்பில் பிள்ளைகளுக்குப் பலன் ஒன்றாகவே இருந்தது. ஸ்பேசர் கொடுத்த பிள்ளைகள் அவசரப் பிரிவில் இருந்த நேரம் குறைந்தது, நாடித்துடிப்பும் அவ்வளவாக ஏறவில்லை. கிளினிக்குக்குப் போய் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் நேரத்தில் வீட்டிலேயே மூன்று சுற்றும் முடிந்துவிடும்.

ஸ்பேசரைப் பராமரிப்பதில் ஒரு சின்னக் கவனம். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் மாதம் ஒருமுறை முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். நான்கைந்து வயது தாண்டிய பிள்ளைக்கு மாஸ்க்கை எடுத்துவிட்டு வாயில் வைக்கும் முனைக்கு மாறினால் மருந்து அதிகமாக உள்ளே போகும்.

பள்ளியில் யார் கொடுப்பது? 'ஏதாவது ஆகிவிட்டால்' என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்களே?

நியாயமான பயம்தான். முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மருத்துவம் படிக்காத ஒருவர் மருந்து கொடுக்கத் தயங்கினால் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லலாம். முதலாவது, சால்புட்டமால் பம்ப்பைத் தேவையில்லாமல் நான்கு அழுத்தம் கொடுத்துவிட்டாலும் கொஞ்ச நேரம் கை நடுக்கம், படபடப்பு வரும், போய்விடும். கொடுக்காமல் விடுவதில் இருக்கும் ஆபத்து பல மடங்கு பெரியது. இரண்டாவது, வெளிநாடுகளில் இதை ஆசிரியர்கள்தான் செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நான்கு அழுத்தம், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு, நான்கு நிமிடம் காத்திரு என்று மனப்பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். பிரிட்டனில் 2014 அக்டோபரிலிருந்து பள்ளிகளே அவசரத்துக்கு ஒரு சால்புட்டமால் பம்ப் வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது.

நம் பக்கம் பெற்றோர்தான் முன்கை எடுக்க வேண்டும். மருத்துவர் கையெழுத்திட்ட அட்டையின் நகல், 'மஞ்சள், சிவப்பு நிலையில் அட்டையில் உள்ளபடி மருந்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்று உங்கள் கடிதம், பெயர் ஒட்டிய தனி பம்ப், தனி ஸ்பேசர் எல்லாவற்றையும் ஒரு பவுச்சில் போட்டு ஜூன் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். வகுப்பு ஆசிரியருக்கும் பி.டி. ஆசிரியருக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். பவுச் தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. சாவி யாரிடம் என்று தேடும் பத்து நிமிடத்தில் மஞ்சள் சிவப்பாகிவிடலாம். பள்ளி வேன் டிரைவரையும் மறந்துவிடாதீர்கள். திருமுல்லைவாயிலில் ஏறி அம்பத்தூரில் இறங்கும் பிள்ளை சாயங்கால நெரிசலில் முக்கால் மணி நேரம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அட்டையின் சிவப்புக் கட்டத்தை மட்டுமாவது அவர் போனில் படமாக வைத்திருக்கட்டும்.

சிவப்பு வந்தால் பம்ப் கொடுப்பதா, ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா?

இரண்டும் ஒரே நேரத்தில். ஒருவர் 108க்கு அழைக்க, இன்னொருவர் பம்ப் கொடுக்கத் தொடங்க வேண்டும். அட்டையில் சிவப்புக்கு வேறு எண்ணிக்கை எழுதியிருக்கும். பிரிட்டன் வழிகாட்டுதலில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒன்று வீதம் பத்து அழுத்தம் வரை போகலாம். பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். தண்ணீர், கஷாயம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். ஆம்புலன்சிலோ ஆட்டோவிலோ போகும்போதும் ஸ்பேசர் கையில் இருக்கட்டும்.

எந்த ஆஸ்பத்திரி என்பதை முன்கூட்டியே முடிவு செய்து அட்டையில் எழுதிவிடுங்கள். சிவப்பில் இருக்கும் பிள்ளைக்கு முதல் தேவை ஆக்சிஜனும் தொடர்ந்து மருந்தும். அது ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உள்ள அரசு மருத்துவமனையில், அல்லது 24 மணி நேரமும் மருத்துவர் இருக்கும் பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் கிடைத்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை சிறந்ததுதான். ஆனால் மாலை ஆறரை மணிக்குப் பூந்தமல்லி சாலை வழியாகவோ, சி.டி.ஹெச். சாலை வழியாகவோ முதலுதவி இல்லாமல் அவ்வளவு தூரம் கிளம்புவது சரியல்ல. தேவைப்பட்டால் முதலில் போன மருத்துவமனையிலிருந்தே எழும்பூருக்கு அனுப்பி வைப்பார்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. 92க்குக் கீழே காட்டினால் சந்தேகமே வேண்டாம், சிவப்புதான். ஆனால் 97 காட்டுகிறது என்பதற்காக நெஞ்சுக்குழி இழுக்கும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஆக்சிஜன் கடைசியில்தான் இறங்கும்.

போகி, தீபாவளி நாட்களில் அட்டை மாறுமா?

அட்டை அதேதான், பார்க்கும் இடைவெளிதான் மாறும். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தடைபட்டன. அந்த அளவு புகை மூச்சுக்குழாயை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. போகிக்கு முந்தைய இரவு ஜன்னலைச் சாத்தி, விடியற்காலையில் பிள்ளையை வெளியே அனுப்பாமல், காலையும் மாலையும் அறிகுறியைக் கவனியுங்கள். தொழிற்பேட்டைப் பக்கத்துப் புகையையும் கனரக லாரிகளையும் ஒரு குடும்பம் நிறுத்த முடியாது. படுக்கையறையில் கொசுவத்திச் சுருளையும் சாம்பிராணியையும் நிறுத்தலாம், கொசுவலை கட்டலாம். இந்த நாட்களை முன்னிட்டு தினசரி பம்ப்பை ஒருநாள்கூட விடாமல் இருப்பதுதான் முக்கியம். அன்று காலை மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொள்வதில் பயனில்லை.

எங்கள் பிள்ளை எப்போதும் பச்சைதான். வாரத்துக்கு மூன்று நான்கு முறை பம்ப் கொடுத்தால் அடங்கிவிடுகிறது.

அது பச்சை இல்லை. இளைப்பு பம்ப் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டாலோ, இரவில் இருமி எழுந்தாலோ, ஆஸ்துமா முழுக் கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா சொல்கிறது. தினமும் கொஞ்சம் இருமுவது வீட்டுக்குப் பழகிப்போய், அதையே 'நல்லாயிருக்கு' என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். மருத்துவரிடம் போகும்போது 'பரவாயில்லை' என்று சொல்லாமல், கடந்த நான்கு வாரத்தில் எத்தனை நாள் பம்ப் தேவைப்பட்டது என்று எண்ணாகச் சொல்லுங்கள். தினசரி மருந்தை மாற்றுவதா, ஸ்பேசர் பிடிக்கும் முறையைத் திருத்துவதா என்று அவர் பார்ப்பார். பெரும்பாலும் இரண்டாவதில்தான் கோளாறு இருக்கும்.

பம்ப்பில் மருந்து தீர்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது பழைய பழக்கம், நம்பாதீர்கள். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு மிச்சமிருக்கும். அழுத்தினால் 'புஸ்' என்று வரும், மருந்து வராது. எண்ணிக்கை காட்டும் பம்ப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் கணக்குதான் வழி. தினசரி பம்ப்பில் 120 அழுத்தம் என்று பெட்டியில் போட்டிருந்து, காலை இரண்டு, இரவு இரண்டு என்றால் முப்பது நாளில் முடியும். திறந்த தேதியையும் முடியும் தேதியையும் பம்ப்பின் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுங்கள். இளைப்பு பம்ப்பில் 200 அழுத்தம் இருந்தால், நம் ஆவடிப் பிள்ளைக்கு அந்த ஒரு திங்கட்கிழமையிலேயே இருபது போய்விட்டது. அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு முறையும் கோடு போட்டு வந்தால் 180ஐத் தொடும்போது புதியதை வாங்கிவிடலாம். பள்ளிப் பவுச்சில் இருக்கும் பம்ப்புக்கும் காலாவதித் தேதி உண்டு. அது பெரும்பாலும் தொடப்படாமலே கிடக்கும் என்பதால், காலாண்டு விடுமுறைக்கும் அரையாண்டு விடுமுறைக்கும் பவுச்சை வீட்டுக்கு எடுத்து வந்து ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.